போர்டில் நின்ற காஜாப் பையன்

சுங்கை சிப்புட்டில் என் தாய்மாமாவின் தையல் கடைக்குப் புதுப் பலகை ஏறிய அன்று, அதில் சிரித்துக்கொண்டு நின்ற கார்ட்டூன் பையன் பெண்கள் சட்டை போட்டிருந்தான். மாமாவுக்கு அது தெரியவில்லை. பலகை செய்தவர்களுக்கும் தெரியவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடைச் சீனப் பெரியவருக்குத் தெரிந்திருக்க நியாயமே இல்லை. கண்டுபிடித்தது ஒரே ஆள். அந்தக் கார்ட்டூனுக்கு முகம் கொடுத்தவன்.

பெண்கள் சட்டை என்றதும் பூப்போட்டது, சுருக்கு வைத்தது என்று நினைக்க வேண்டாம். சாதாரண அரைக்கைச் சட்டைதான். சட்டையின் முன்பக்கத்தை இரண்டு துண்டாக வெட்டுவார்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூடும். ஆண்கள் சட்டையில் போடுகிறவரின் இடப்பக்கத் துண்டு மேலே வரும். காஜா அதில் இருக்கும், பட்டன் வலப்பக்கத் துண்டில். பெண்கள் சட்டையில் இது நேர்மாறு. ரவிக்கையிலும் வலதுதான் மேலே. தையல் பழக வருகிறவனுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் காஜாவைத் தவறான துண்டில் வெட்டிவிட்டால் அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. கோணலாகப் போன தையலைப் பிரிக்கலாம். துணியில் விழுந்த ஓட்டையைப் பிரிக்க முடியாது.

அந்தப் பையன் மாமாவிடம் வேலை பழக வந்தது எஸ்.பி.எம். முடித்த கையோடு. ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தில் வீடு. அப்பா காய் வெட்டுகிறவர், அம்மா அதே தோட்டத்தில் உரம் போடும் வேலை. சுங்கை சிப்புட் ஒரு காலத்தில் முழுக்க ரப்பர்த் தோட்டங்களால் வாழ்ந்த ஊர். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகிற பழைய சாலையில் இருக்கிறது. துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்குவதற்காக 1960-இல் அவர் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் என் தாத்தாவும் பங்கு வைத்திருந்தார். பால்வெட்டிய காசில் பங்கு வாங்கிய தாத்தா, மகனை மட்டும் மரத்துக்கு அனுப்பவில்லை, ஊசிக்கு அனுப்பினார். மாமாவுக்கு அதில் இன்றைக்கும் ஒரு கர்வம் உண்டு.

முன்பெல்லாம் தோட்டத்தில் சம்பள நாள் என்றால் கடை நிறைந்துவிடுமாம். இப்போது தீபாவளிக்கு முன்னால் ஒரு மாதமும், பள்ளி திறப்பதற்கு முன்னால் சில வாரங்களும்தான் கூட்டம். ஆயத்த ஆடை மலிந்த பிறகு சட்டை தைக்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ரவிக்கையும், அளவு சரியில்லாத பள்ளிச் சீருடையும்தான் கடையைத் தாங்குகின்றன.

பையனுக்கு ஒரு பெயர் இருந்தது. கடையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை. புதிதாக வருகிறவனுக்குக் கத்தரி கொடுக்கமாட்டார்கள். பிசிறு வெட்டுவது, எம்மிங் போடுவது, பட்டன் தைப்பது, காஜா எடுப்பது, இவைதான் வேலை. அதனால் எல்லாக் கடையிலும் அவன் காஜாப் பையன்தான். மாமா கடையில் காஜா போடும் மெஷின் இருக்கிறது. ஆனாலும் நல்ல துணிக்கு இன்னும் கையால்தான். முதலில் பட்டனை அளக்க வேண்டும். சட்டைக்கு வழக்கமாகப் போடுவது 18 லைன் பட்டன். ஒரு லைன் என்பது இஞ்சில் நாற்பதில் ஒரு பங்கு, ஆக அரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அகலத்தோடு பட்டனின் கனத்தையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். கனத்தைச் சேர்க்காமல் வெட்டினால் பட்டன் திணறித் திணறி நுழையும், இரண்டு மாதத்தில் காஜாவின் ஓரம் கிழியும். அதிகம் வெட்டினால் போட்டிருக்கும்போதே பட்டன் தானாகக் கழன்றுகொள்ளும். முன்பக்கப் பட்டியில் வரும் காஜாவெல்லாம் நெடுக்குவாட்டில் இருக்க, காலரில் வரும் ஒன்று மட்டும் படுக்கைவாட்டில் இருக்கும். இதையெல்லாம் பையன் சீக்கிரமே பிடித்துக்கொண்டான் என்று மாமா என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவனிடம் சொன்னதில்லை.

அந்தப் படம் தீபாவளிக் கூட்டத்தில் எடுத்தது. ராத்திரி பதினொன்று தாண்டி, வெட்டு மேசைமேல் ரவிக்கைத் துணி மலைபோல் குவிந்து கிடக்க, மாமா தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, பையன் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, தொடக்கூடாத பெரிய கத்தரியைக் கையில் தூக்கிப் பிடித்து, மேசைமேல் போனைச் சாய்த்து வைத்து, டைமர் போட்டுத் தானே எடுத்துக்கொண்டான். படம் நன்றாகவே வந்திருந்தது. களைப்பும் குறும்பும் கலந்த சிரிப்பு. அதைக் கடையின் வாட்ஸ்அப் குழுவில் போட, மாமா திட்டுவதற்குப் பதிலாகக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏற்றிவிட்டார். ரவிக்கைப் படங்களுக்கு ஒருநாளும் விழாத லைக் அதற்கு விழுந்தது. வாங்கிப் போக வந்த அக்காமார்கள் உள்ளே எட்டிப் பார்த்து, “எங்க அந்தக் கத்தரிப் பையன்?” என்று கேட்டார்கள்.

பழைய பலகை தகரத்தில் கையால் எழுதியது. துருவேறி, தொலைபேசி எண்ணில் கடைசி இலக்கம் உதிர்ந்தே போயிருந்தது. புதுசு செய்யலாம் என்று மாமா ஒரு பலகைக் கடைக்குப் போனார். அங்கே இருந்தவர், “லோகோ ஏதாவது இருக்கா அண்ணே?” என்று கேட்டிருக்கிறார். மாமா போனைத் திறந்து இந்தப் படத்தைக் காட்டினார். அவ்வளவுதான் நடந்தது. பையனைக் கேட்க வேண்டும் என்று மாமாவுக்குத் தோன்றவே இல்லை. தன் கடை, தன் கத்தரி, தன்னிடம் வேலை பழகுகிறவன் என்ற எண்ணம்.

படம் கார்ட்டூனாவது எப்படி என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. நான் ஈப்போவில் அச்சகத்தில் வேலை செய்கிறேன்; கல்யாணப் பத்திரிகை, பேனர் என்று இதே பிழைப்புதான். போட்டோவை அப்படியே பலகையில் அடித்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரு கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். அதனால் கணினியில் போட்டோவைக் கீழடுக்கில் பூட்டி வைத்துவிட்டு, அதன்மேல் புள்ளி வைத்துக் கோடு இழுத்து வரைவோம். நிழல், சுருக்கம், பின்னணி எல்லாம் போய்விடும். நாலைந்து வண்ணம்தான் மிஞ்சும். தலையைப் பெரிதாக்குவோம். உயிருள்ள மனிதன் சுமார் ஏழரைத் தலை உயரம் இருப்பான். கார்ட்டூனில் மூன்று தலை உயரம். மாமா கடைப் பலகை 20 அடி நீளம், 4 அடி உயரம். அதில் பையன் நிற்பது மூன்றரை அடி. தலைக்கே ஒரு அடிக்கு மேல் போய்விடுகிறது.

அப்புறம் தூரக் கணக்கு. எழுத்தாக இருந்தால், பத்தடி தூரத்துக்கு ஒரு இஞ்ச் உயரம் என்று நாங்கள் வைத்துக்கொள்வோம். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் 50 அடி தள்ளி நிற்கிறார் என்றால் 5 இஞ்ச் எழுத்து சிரமமில்லாமல் படிக்கும். இதே கணக்கில் சட்டைப் பட்டனை அதன் அளவுக்கு வரைந்தால் புள்ளிகூடத் தெரியாது. அதனால் ஏழு பட்டன் மூன்றாகும், ஒவ்வொன்றும் கைப்பிடி அகலம் ஆகும். பட்டி ஒரே தடித்த கோடு. பாக்கெட் பெரிய சதுரம். எதையெல்லாம் வைத்து இது சட்டை என்று கண் தெரிந்துகொள்கிறதோ அதையெல்லாம் பெரிதாக்குகிறோம். போட்டோவில் தவறு ஒன்று ஒளிந்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் பெரிதாக்குகிறோம்.

போட்டோவில் ஒளிந்திருந்த தவறு இதுதான். பையன் எடுத்தது முன்பக்கக் கேமராவில். சில போன்கள் அதில் தெரியும் கண்ணாடிப் பிம்பத்தை எடுத்த பிறகு நேராக்கிச் சேமிக்கும். சில, தெரிந்தபடியே சேமிக்கும். அவன் போன் இரண்டாவது வகை. ஆக வலது இடதாகிவிட்டது. பின்னால் ஏதாவது எழுத்து இருந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். பின்னால் இருந்ததெல்லாம் துணிதான். கழுத்தில் தொங்கிய டேப்பில் எண்கள் இருந்தன, ஆனால் வாட்ஸ்அப் வழியாகப் போன படம் சுருங்கி மங்கி, எண்கள் கலங்கிவிட்டன. வரைந்தவர் எண்களை விட்டுவிட்டு வெறும் கோடுகளைப் போட்டிருக்கிறார். காட்டிக்கொடுக்க இருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

இது புதுசாக வந்த வம்பில்லை. அமெரிக்காவில் பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனின் பெயர்போன ஒரு படம் 1880 வாக்கில் எடுத்தது. தகரத் தட்டில் நேரடியாக விழும் அந்தக் காலத்துப் படங்கள் எல்லாமே கண்ணாடிப் பிம்பம்தான். அதில் துப்பாக்கி அவன் இடது இடுப்பில் தெரிந்ததால் அவன் இடதுகைக்காரன் என்று வெகுகாலம் பேசினார்கள். பக்கத்தில் பிடித்திருக்கும் வின்செஸ்டர் துப்பாக்கியில் தோட்டா நுழைக்கும் வாய் தப்பான பக்கம் இருப்பதை வைத்துத்தான் படமே திரும்பியிருக்கிறது என்று நிறுவினார்கள். அந்தத் துப்பாக்கியைத் தெரிந்தவர்கள் கண்ணுக்குத்தான் அது பட்டது.

நம் ஊர்ப் பலகைக்கு வருவோம். எதிரில் நின்று பார்க்கிறவருக்கு ஆண்கள் சட்டையின் பட்டி ஓரம் பட்டன் வரிசைக்கு இடப்பக்கமாகத் தெரிய வேண்டும், பாக்கெட் வலப்பக்கமாக. பலகையில் இரண்டும் மாறியிருந்தன. கத்தரி இடது கையில்.

பலகை ஏறுவது பையனுக்கு அன்று காலைதான் தெரியும். மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தவன் முதலில் சிரித்தான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் போன் எடுத்து அவனையும் பலகையையும் சேர்த்துப் படம் பிடித்தார். அப்புறம் அவன் முகம் மாறியது. கடைக்குள் போய் வேலையில் உட்கார்ந்தவன் மத்தியானம் வரை வாய் திறக்கவில்லை. மாமா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு சட்டையைக் கொண்டுவந்து மேசையில் விரித்திருக்கிறான்.

“மாஸ்டர், போர்டுல எனக்கு காஜா வலப்பக்கம் இருக்கு.”

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. வெளியே கூட்டிப்போய்க் காட்டினான். மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம். நாற்பது வருஷமாகச் சட்டை தைத்தவருக்கு எப்படித் தெரியாமல் போனது என்று நானும் யோசித்திருக்கிறேன். ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. போட்டுப் பார்க்கிற இடத்தில் வாடிக்கையாளருக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதிரிலிருக்கும் கண்ணாடியில்தான் அவர் சட்டையைப் பார்க்கிறார். திரும்பிய சட்டை அவர் கண்ணுக்குத் தினசரிச் சரக்கு. காஜாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையனுக்குக் கண்ணாடியும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. துணி மட்டும்தான்.

“எவன் பாக்கப் போறான்?” என்றார் மாமா.

“நான் பாக்கிறேனே மாஸ்டர். தினம் அதுக்குக் கீழதான உள்ள வரணும். தையக்காரன் யாராச்சும் பாத்தா, இவன்தான் இந்தக் கடைக் காஜாப் பையன், இவனுக்கே காஜா எந்தப் பக்கம்னு தெரியலன்னு சொல்லமாட்டான்?”

மாமாவிடம் இதற்குப் பதில் இல்லை. அன்று சாயங்காலம் பையனின் அம்மா வேறு வந்துவிட்டார். அவருக்குக் காஜாவைப் பற்றிக் கவலை இல்லை. பலகையைப் பார்த்தவுடன், “அண்ணே, இது யாரு வீட்டுப் புள்ள?” என்றார். வரைந்தவர் வழக்கமாகக் கார்ட்டூனுக்குப் போடும் இளஞ்சிவப்பு நிறத்தையே போட்டிருந்தார். பையன் நல்ல கறுப்பு. “எம்புள்ள கறுப்பு. கறுப்புன்னு சொல்லி அழுதிருக்கான் சின்னதுல. இப்ப போர்டுல போட்டுக் காட்டுறீங்களா, இப்படி இருந்திருந்தா நல்லாருக்கும்னு?” மாமா பதறிவிட்டார். அப்படி ஒரு அர்த்தம் அவர் கனவிலும் நினைக்காதது. ஆனால் அந்த அம்மா கேட்டதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. வண்ணப் பெட்டியில் முதலில் கைக்கு வருகிற நிறம் எது என்று யோசிக்காமல் எடுக்கிறோமே, அங்கே ஒரு விஷயம் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொன்றும் சொன்னார். “வகிடு வேற மாறியிருக்கு.” அதுவும் கண்ணாடியின் வேலைதான். வேடிக்கை என்னவென்றால், பையனுக்கு அந்த முகம் சரியாகவே பட்டிருக்கிறது. தன் முகத்தை அவன் பார்ப்பது கண்ணாடியில்தானே. வகிடு மாறிய அந்தப் பிம்பம்தான் அவனுக்குத் தெரிந்த அவன். அம்மா பார்ப்பது நேர் முகம். இரண்டு பேரும் பலகைக்குக் கீழே நின்று, “இது நான்தாம்மா”, “இல்லடா” என்று சண்டை போட்டதை எதிர்க் கோப்பிக் கடையில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள்.

மாமா எனக்குப் போன் போட்டார். பலகைக் கடையில் கேட்டால் “படத்துல இருந்ததத்தான் வரைஞ்சோம்” என்கிறார்கள், புதுசா வரைய முழுக் காசு கேட்கிறார்கள், நீ வந்து பார் என்றார். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, படத்தில் இருந்ததைத்தான் வரைந்திருந்தார்கள். வரைந்த கோப்பு நம்முடையதுதானா என்று முதலில் கேட்டேன். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து வரையச் சொன்னவருக்கே உரிமை சேரும். கோப்பைக் கேட்டு வாங்கினோம். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள்.

திருத்துவது ஒரு சொடுக்கு வேலை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முழு உருவத்தையும் இடவலமாகத் திருப்பினால் பட்டி, பாக்கெட், கத்தரி, வகிடு எல்லாமே நேராகிவிடும். ஆனால் பையன் பலகையின் இடது ஓரத்தில் நின்று எழுத்துகளைப் பார்த்துச் சிரிக்கிறான். திருப்பினால் எழுத்துக்கு முதுகைக் காட்டிப் பக்கத்துக் கடையைப் பார்ப்பான். பலகையில் ஒரு முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பார்க்கிறவர் கண்ணும் அந்தப் பக்கம்தான் போகும். பக்கத்துக் கடை ஆயத்த ஆடைக் கடை. மாமா, “வேணவே வேணாம்” என்றார். வலது ஓரத்துக்கு நகர்த்தலாம் என்றால் அங்கே பக்கத்துக் கடையின் பந்தல் தகரம் கால்வாசியை மறைக்கிறது. எழுத்துகளை இடம் மாற்றவும் மனம் வரவில்லை. தேசியமொழி எழுத்து பெரிதாக, தமிழ் அதைவிடச் சிறிதாக என்று ஊராட்சிக்கு வரைபடம் கொடுத்து, டேவான் பஹாசாவில் மொழியைச் சரிபார்த்து, உரிமம் வாங்கிய அமைப்பு அது. அந்தச் சமயத்திலேயே, பையன் வாயிலிருந்து “வாங்க வாங்க” என்று தமிழில் ஒரு குமிழி வர வேண்டும் என்று மாமா ஆசைப்பட்டு, அது எழுத்துக் கணக்கில் வரும் என்றதும் கைவிட்டிருந்தார்.

கடைசியில் வேறு வழி எடுத்தோம். கோப்பில் தலை ஒரு தொகுதி, உடம்பு ஒரு தொகுதி என்று தனித்தனியாக இருந்தன. தலையை அப்படியே விட்டுவிட்டு, கழுத்துக்குக் கீழே மட்டும் திருப்பினேன். கார்ட்டூன் கழுத்து மெல்லிசு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதனால் ஒட்டுத் தெரியவில்லை. கத்தரி வலது கைக்கு வந்தது, பட்டி ஓரம் தன் இடத்துக்குப் போனது, பாக்கெட் நெஞ்சின் இடப்பக்கம் உட்கார்ந்தது. டேப்பில் எண்கள் போடச் சொன்னான் பையன். எத்தனை போடலாம் என்று பார்த்து நாலே நாலு பெரிய எண்கள் போட்டேன். வகிடு மட்டும் மாறியபடியே நின்றது. அம்மாவிடம் பையனே பேசிச் சம்மதம் வாங்கினான்.

நிறம்தான் அதிக நேரம் எடுத்தது. திரையில் நல்ல பழுப்பாகத் தெரிவது அச்சில் சேறாக வரும். அதனால் சிறு துண்டுகளாக அடித்துப் பார்ப்போம். நான் அடித்த துண்டுகளைப் பையன் தன் முழங்கையின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே, “அக்கா, நூல் பாக்கிற மாதிரி பாக்கணும்” என்றான். தையலில் நூல் எடுக்கும்போது கட்டையை அப்படியே துணிமேல் வைத்துப் பார்க்கக் கூடாது. கட்டையில் சுற்றிய நூல் அழுத்தமாகத் தெரியும், தைத்த பிறகு ஒற்றை இழை வெளிறித் தெரியும். ஒரு இழையை உருவித் துணிமேல் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நிறத் துண்டிலும் அளவு மாறினால் சாயல் மாறும் என்பது அவனுக்குத் தானாகப் புரிந்திருந்தது. சின்னத் துண்டில் சரியாகத் தெரிந்தது, தலையளவு அடித்துப் பார்த்தபோது வெளிறியிருந்தது. ஒருபடி அழுத்தம் கூட்டினோம். அதற்கு எதிரே வெள்ளைப் பல்லும் வெள்ளைச் சட்டையும் முன்னைவிட எடுப்பாக நின்றன; கறுப்பு முகம் தூரத்திலிருந்து தெரியாது என்ற பலகைக் கடைக்காரர் பேச்சு தப்பென்று ஆனது. உருவத்தை மட்டும் ஸ்டிக்கராக அடித்துப் பழையதன்மேல் ஒட்டினோம். புதுப் பலகை செய்கிற செலவில் சிறு பங்குதான் ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் மாமாவிடம் நான் பேசினேன். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வியாபாரத்துக்காக ஒருவருடைய விவரத்தை எடுத்தாளும்போது அவர் சம்மதத்தைக் கேட்கச் சொல்கிறது. ஒரு தையல் கடைக் கார்ட்டூனுக்காக யாரும் வழக்குப் போடப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். ஆனால் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடப்படாமல் இருந்த கடையில், அவன் முகம் மட்டும் மூன்றரை அடிக்கு நிற்கிறது. ஏதாவது கொடுங்கள் என்றேன். மாமா யோசித்துவிட்டு, பணம் கொடுக்கவில்லை. பெரிய கத்தரியைக் கையில் கொடுத்து, பள்ளிச் சீருடைத் துணியை முன்னால் போட்டார். ஆண்பிள்ளைகளின் கால்சட்டை, இடுப்பு அளவு ஒன்றுபோல வருவது. வெட்டுப் பழக அதுதான் வசதி. மறு மாதத்திலிருந்து சம்பளமும் கூடியது. எனக்கு அது போதுமென்று படவில்லை. பையனுக்கு அது போதுமாக இருந்தது. இந்த விஷயத்தில் யார் அபிப்பிராயம் செல்லும் என்று நான் வாதம் பண்ணவில்லை.

அதற்கப்புறம் அவனைக் காஜா என்று கூப்பிடுவது நின்று, “போர்டுத் தம்பி” ஆனான். பாசார் மாலாமில் யாரோ ஒரு பாட்டி அவன் கன்னத்தைத் தொட்டு, “நீதானே அந்தக் கடை மேல நிக்கிற?” என்று கேட்டாராம். சில வருஷங்களில் அவன் வெட்டில் தேறி, ஈப்போவில் ரவிக்கைக்குப் பேர் வாங்கிய ஒரு கடைக்குப் போனான். பிறகு சொந்தமாக வீட்டிலேயே தொடங்கினான். தொடங்கும்போது ஒரு சிக்கல். விளம்பரத்துக்குத் தன் கார்ட்டூனைப் போடலாமே என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். போட்டால் மாமா கடையின் கிளை என்று ஊர் நினைக்கும். தன் முகமே தனக்கு உதவாமல் போனதைப் பற்றி அவன் என்னிடம் சொல்லிச் சிரித்தான். நான் அவனுக்கு ஊசியும் நூலும் மட்டும் வைத்து ஒன்று வரைந்து கொடுத்தேன்.

பலகை மேற்குப் பார்த்தது. பிற்பகல் வெயில் முழுக்க அதன்மேல்தான். மலிவு மையில் மஞ்சளும் சிவப்பும் வெயிலுக்கு முதலில் போய்விடும், நீலமும் கறுப்பும் நின்று பிடிக்கும். மேலே பாதுகாப்புப் படலம் ஒட்டினால் கொஞ்சம் தாங்கும். அந்தச் செலவை மாமா வேண்டாம் என்றிருந்தார். பழுப்பு நிறம் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் கலந்தது. மஞ்சளும் சிவப்பும் இறங்க இறங்க, பையன் கொஞ்சம் கொஞ்சமாக நீலமாகிக்கொண்டு வந்தான். போன வருஷம் ரவிக்கை வாங்க வந்த ஒரு அம்மா, “மாஸ்டர், கிருஷ்ணர் கையில ஏன் கத்தரி?” என்று கேட்டதாக மாமா சொன்னார். இன்னொருவர் கோகுலாஷ்டமிக்குப் படத்தின் கீழே ஒரு பூச்சரம் தொங்கவிட்டிருக்கிறார். மாமா அதை எடுக்கவில்லை, கூட்டம் வந்தது.

இப்போது உருவத்தை மறுபடி அடிக்க வேண்டும். இந்த முறை மாமாவே பையனுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். உன் படத்தைத் திரும்ப அடிக்கப் போறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அடிங்க மாஸ்டர். ஆனா எனக்கு இப்ப மீசை இருக்கு.”

மாமா போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “மீசைக்குத் தனியாக் காசு ஆகுமா?”

ஆகாது என்றேன். அடுத்த கேள்வி பாதுகாப்புப் படலம் என்ன விலை என்று வந்தது.